வேலையை விட்டுவிட எவ்வளவு பணம் வேண்டும்? பெங்களூரு குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 ஜனவரி. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் சொந்த அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் சேலத்துக் குடும்பம். கணவருக்கு வயது 46, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மனைவிக்கு 43, தனியார் பள்ளி ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பு. கணவரின் அம்மா, வயது 71, சேலத்தில் தனியாக இருக்கிறார். வீட்டுக் கடனில் 11 லட்சம் பாக்கி, மாத இ.எம்.ஐ. 34,000 ரூபாய்.

கணவன், மனைவி இருவரும் அந்த ஏப்ரலிலேயே வேலையை விட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் முதலீட்டு ஆலோசகரிடம் வந்தார்கள். வீட்டுச் செலவு மாதம் 75,000, அதாவது வருடத்துக்கு 9 லட்சம். சேமிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்து வாழலாம் என்ற விதிப்படி அதை 25ஆல் பெருக்கினால் 2.25 கோடி. கையில் இருப்பதோ 4.63 கோடி. தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

பெருக்கலில் தவறில்லை. பெருக்கப்பட்ட எண்ணும், பெருக்கிய எண்ணும், எதிரே வைத்த சொத்துப் பட்டியலும்தான் ஆராயப்பட வேண்டியிருந்தன.

செலவை எண்ணியபோது தெரிந்தது

75,000 என்பது ஒவ்வொரு மாதமும் கணவரின் சம்பளக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்குப் போகும் தொகை. மளிகை, பால், மின்சாரம், பராமரிப்புக் கட்டணம், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளம் எல்லாம் அதில் அடங்கும். மற்றவை வேறு வழிகளில் போய்க்கொண்டிருந்தன. முதல் சந்திப்பிலேயே மனைவி இதைச் சுட்டிக்காட்டினார்: "ஏங்க, ஸ்கூல் ஃபீஸ் உங்க அக்கவுண்ட்ல இருந்து போகுது, தீபாவளித் துணி கார்டுல போகுது, அத்தைக்கு அனுப்புறது தனி. அதெல்லாம் செலவு இல்லையா?"

இரண்டு முழு ஆண்டுகளின் வங்கி அறிக்கைகளும் கார்டு அறிக்கைகளும் எடுக்கப்பட்டன. 2020 பொது முடக்க ஆண்டு. பயணமும் விசேஷமும் இல்லாத அந்த வருடத்தை அடிப்படையாகக் கொண்டால் செலவு குறைத்துத் தெரியும். ஆகவே அதை விலக்கி, 2019, 2021 ஆகிய ஆண்டுகளின் செலவை 2022 விலைக்குக் கொண்டுவந்து சராசரி பார்க்கப்பட்டது. வழிமுறை எளியது: எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியே போன மொத்தத்தைக் கூட்டி, சொந்தக் கணக்குகளுக்குள் மாற்றிய பணம், முதலீட்டுக்குப் போனது, கடன் தவணை ஆகிய மூன்றை மட்டும் கழிப்பது. எந்தச் செலவு எந்த வகை என்று பிரிப்பது அதற்குப் பிறகுதான். வகை பிரித்துக்கொண்டே எண்ணத் தொடங்குபவர்கள் வகையில் அடங்காததை விட்டுவிடுகிறார்கள்.

| செலவு (ஆண்டுக்கு) | லட்சம் ரூபாய் |
|---|---|
| வீட்டுக் கணக்கு | 9.0 |
| கிரெடிட் கார்டில் போனவை: துணி, பயணம், ஆன்லைன் பொருட்கள் | 2.6 |
| பள்ளிக் கட்டணம், டியூஷன் | 2.4 |
| சேலத்தில் அம்மாவுக்கு | 1.8 |
| வாகனக் காப்பீடு, சர்வீஸ், சொத்து வரி | 0.9 |
| கல்யாணம், காதுகுத்து, மொய், சீர் | 0.7 |
| மொத்தம் | 17.4 |

அவர்கள் சொன்ன 9 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீண் செலவு என்று சொல்ல இதில் பெரிதாக எதுவும் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்து, அறிக்கையில் தெரியாத செலவுகள். கார் அந்த இரண்டு ஆண்டுகளில் மாற்றப்படவில்லை. ஆனால் 12 லட்சம் ரூபாய்க் காரை 12 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு ஒரு லட்சம். இதே முறையில் வெள்ளையடிப்பு, நீர்க்கசிவு வேலை ஆகியவற்றுக்கு 0.4 லட்சமும், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், போன், லேப்டாப்புக்கு 0.6 லட்சமும் சேர்த்ததில் 2 லட்சம் ஆயிற்று. நிறுவனம் கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தப் பாலிசிக்கு 0.6 லட்சம். நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்த இன்டர்நெட், போன் போன்றவற்றுக்கு 0.3 லட்சம். மொத்தம் 20.3 லட்சம்.

முடியும் செலவு, முடியாத செலவு

20.3 லட்சத்தை அப்படியே பெருக்குவதும் தவறுதான். மகளின் பள்ளிக் கட்டணம் இன்னும் நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். அதை 25ஆல் பெருக்கினால், இல்லாத ஒரு செலவுக்காக 60 லட்சம் சேர்க்கச் சொல்வதாகிவிடும். முடிவுத் தேதி உள்ள செலவை மீதமுள்ள ஆண்டுகளால் பெருக்கித் தனித்தொகையாக ஒதுக்க வேண்டும். முடிவில்லாத செலவு மட்டுமே எடுப்பு விகிதக் கணக்குக்குள், அதாவது நிதியில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் எடுக்கிறோம் என்ற கணக்குக்குள், வர வேண்டும்.

அப்படித் தனியே ஒதுக்கப்பட்டவை: பள்ளிக்கு 10 லட்சம், கல்லூரிக்கு 25 லட்சம், அம்மாவின் மருத்துவத்துக்கு 10 லட்சம், கடன் பாக்கி 11 லட்சம். மொத்தம் 56 லட்சம். அம்மாவுக்கு மாதம் அனுப்பும் தொகையையும் விதிப்படி இந்தப் பக்கம்தான் வைக்க வேண்டும். அதற்கு ஒரு முடிவுத் தேதி குறிக்க வீட்டில் யாருக்கும் மனமில்லை. குறிக்கச் சொல்வதும் முறையில்லை. வாழ்நாள் செலவிலேயே அது விடப்பட்டது. கணக்கில் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

20.3இல் பள்ளிக்கான 2.4 போனது. அலுவலகம் போய்வரும் பெட்ரோல், வெளிச் சாப்பாடு என 0.7 குறைந்தது. முதலீட்டை எடுக்கும்போது கட்ட வேண்டிய வருமான வரிக்கு 0.8 கூட்டப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் வரி இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் எடுக்கும் பணத்தில் லாபத்தின் பங்கு கூடக்கூட வரியும் ஏறும் என்பதால் சராசரியாக இந்தத் தொகை வைக்கப்பட்டது. வாழ்நாள் செலவு ஆண்டுக்கு 18 லட்சம் என்று முடிவாயிற்று.

எந்த விகிதம்?

4 சதவீதம் என்ற எண், வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன்பத்திர வரலாற்றை வைத்து, ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் நிதியில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனால் 30 ஆண்டுகள் தாங்கும் என்று அவர் காட்டினார். பலர் நினைப்பதுபோல ஒவ்வோர் ஆண்டும் அப்போதிருக்கும் தொகையில் 4 சதவீதம் எடுப்பதல்ல அது. சந்தை விழுந்தாலும் எடுக்கும் தொகை குறையாது.

இந்தக் குடும்பத்தில் மனைவிக்கு 90 வயது வரை கணக்கிட்டால் 47 ஆண்டுகள். இந்தியாவில் இத்தனை நீண்ட காலத்துக்குச் சோதித்துப் பார்க்க வரலாறே போதாது. சென்செக்ஸின் அடிப்படை ஆண்டே 1978-79தான். எனவே, நிரூபிக்கப்பட்ட இந்திய விகிதம் என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அதன்மேல் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை ஏற்றக்கூடாது.

மாற்றாக, விலைவாசி போக நிதி ஆண்டுக்கு 1.5 சதவீதம்தான் வளரும் என்ற கடுமையான அனுமானத்தோடு எத்தனை ஆண்டு தாங்கும் என்று பார்க்கப்பட்டது. பணம் எத்தனை ஆண்டில் தீரும் என்று சொல்லும் NPER சூத்திரம் விரிதாளில் ஒரு வரி போதும், தொகைகள் லட்சத்தில்:

```
=NPER(1.5%, -18, 600)
=NPER(1.5%, -18, 450)
=NPER(1.5%, -18, 349)
```

முதல் வரி 3 சதவீதம்: 6 கோடியில் 18 லட்சம் எடுப்பது. விடை 46 ஆண்டுகளுக்குச் சற்று மேல். இரண்டாவது 4 சதவீதம். 31 ஆண்டுகளுக்குப் பிறகு பணம் தீர்ந்துவிடும். மூன்றாவதுதான் இந்தக் குடும்பத்தின் உண்மை நிலை.

349 எப்படி வந்தது? 4.63 கோடிப் பட்டியலில் சேலத்து மனை 40 லட்சம், நகை 18 லட்சம். விற்காத மனை செலவுக்குப் பணம் தராது. நகை மகளுக்கு என்று வைத்திருப்பது. இரண்டையும் விலக்கினால் 4.05 கோடி: பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டு 2.35 கோடி, பி.எஃப். 78 லட்சம், பி.பி.எஃப். 42 லட்சம், ஃபிக்சட் டெபாசிட் 30 லட்சம், என்.பி.எஸ். 20 லட்சம். இதில் தனியே ஒதுக்கிய 56 லட்சம் போக 3.49 கோடி. அதில் ஆண்டுக்கு 18 லட்சம் என்பது 5.2 சதவீதம். NPER தந்த விடை 23 ஆண்டுகள். அப்போது கணவருக்கு 69, மனைவிக்கு 66.

சராசரி வளர்ச்சியை வைத்துப் போட்ட கணக்கு இது; நிஜத்தில் வருடங்கள் சராசரியாக வருவதில்லை. 2008இல் சென்செக்ஸ் ஒரே ஆண்டில் 52 சதவீதம் சரிந்தது. வேலையை விட்ட முதல் ஆண்டே அப்படி அமைந்தால்? 3.49 கோடியில் 58 சதவீதம் பங்கில் இருப்பதால் அந்தப் பகுதி 2.02 கோடியிலிருந்து 97 லட்சமாகும். மீதி 7 சதவீத வட்டியில் 1.57 கோடி. செலவுக்கு 18 லட்சம் எடுத்த பின் கையில் 2.36 கோடி. விலைவாசியால் அடுத்த ஆண்டுச் செலவு 19 லட்சம். எடுப்பு விகிதம் 8 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் சந்தை மீண்டாலும் விற்றுத் தின்ற யூனிட்டுகள் திரும்பி வருவதில்லை. அதே சரிவு 6 கோடி வைத்திருப்பவரை 4.5 சதவீதத்தில்தான் நிறுத்தும். அவர் செலவைக் கொஞ்சம் சுருக்கிச் சமாளித்துவிடலாம். கணவர் மனம் மாறியது இந்த இடத்தில்தான்.

எடுத்த முடிவும் காரணமும்

கணவர் ஒரு மாற்று வழி சொன்னார்: "சார், அவங்க வேலையில இருக்கட்டும், நான் மட்டும் விட்டுடறேன். அவங்க சம்பளம் வருஷத்துக்கு 5.4 லட்சம். பதினெட்டுல அதைக் கழிச்சா 12.6. அது 3.6 பர்சென்ட்தானே?"

இது பரவலான தவறு. மனைவியின் சம்பளம் 58 வயதில் நின்றுவிடும். நிற்கப்போகும் வருமானத்தை வாழ்நாள் செலவிலிருந்து கழித்தால், அது என்றென்றைக்கும் வரும் என்று கணக்குப் போட்டதாகிறது. பள்ளிக் கட்டணத்துக்குச் செய்ததையே இங்கும் செய்ய வேண்டும்: சம்பளத்தை மீதமுள்ள 15 ஆண்டுகளால் பெருக்கி, நிதியோடு கூட்ட வேண்டும். 5.4 லட்சம் 15 ஆண்டுகளுக்கு 81 லட்சம். 3.49 கோடியோடு சேர்த்தால் 4.30 கோடி, விகிதம் 4.2. அவர் சொன்ன 3.6க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதுமையில் பல ஆண்டுச் செலவுக்குச் சமம்.

முடிவு: கணவர் மூன்று ஆண்டுகள் வேலையைத் தொடர்வது. அதற்குள் கடன் தீரும், பள்ளிச் செலவின் பெரும்பகுதி சம்பளத்திலிருந்தே போகும், ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் நிதியில் சேரும். விலைவாசி போக 2 சதவீதமே வளர்ந்தாலும் மூன்றாண்டு கழித்து 2022 விலையில் 4.9 கோடி. ஒதுக்கீடு 40 லட்சம் போக, மனைவியின் மீதி 12 ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டினால் விகிதம் 3.5, மனையையும் விற்றால் 3.2. முழு ஓய்வுக்கு வேண்டிய 3 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தாலும், அன்றைய நிலையைப் பார்த்து முடிவு செய்யக்கூடிய தூரம்.

உடனே செய்த ஒன்று: குடும்பத்துக்குச் சொந்த மருத்துவக் காப்பீடு. கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும். நிறுவனக் காப்பீடு கையில் இருக்கும்போதே அந்த ஆண்டுகள் கழியட்டும் என்பது காரணம். வேலையை விட்ட மறுநாள் பாலிசி எடுக்கப் போகிறவர்கள், பாதுகாப்பு தேவைப்படும் ஆண்டுகளையே வெறுமையாக விடுகிறார்கள்.

தொடர்ந்து நடந்தவை

2023இல் அம்மா வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நிறுவனக் காப்பீட்டில் பெற்றோரும் இருந்ததால் அறுவைச் சிகிச்சைச் செலவில் கையிலிருந்து போனது 2 லட்சம்தான். ஆனால் அதன்பிறகு பகல்நேரத் துணைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மாதம் 15,000 ரூபாய். மருத்துவத்துக்கு ஒருமுறைத் தொகை ஒதுக்கியிருந்த திட்டம், மாதாமாதம் வரும் பராமரிப்பை எதிர்பார்க்கவில்லை.

2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஆழ்துளைக் கிணறு வற்றி, டேங்கர் லாரியை நம்பிய மாதங்களில் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் ஏறியது. அதே ஆண்டு ஜூலை 23 முதல் பங்கு சார்ந்த ஃபண்டுகளின் நீண்டகால லாபத்துக்கு வரி 10இலிருந்து 12.5 சதவீதமானது, அந்த நிதியாண்டு முழுவதற்கும் விலக்கு வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 1.25 லட்சமானது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் யூனிட்டுகள் இருந்ததால் இரண்டு விலக்குகளும் பயன்பட்டன. சந்தை ஏறியிருந்த அந்த மாதங்களில், மகளின் கல்லூரிப் பணம் ஃபண்டிலிருந்து எடுக்கப்பட்டு டெபாசிட்டுக்கு மாறியது.

2025 ஜனவரியில் எண்ணியபோது நிதி 6 கோடி. வாழ்நாள் செலவு விலைவாசியால் 20.8 லட்சம், அம்மாவின் துணையாளருக்கு 1.8 சேர்ந்து 22.6 லட்சம். ஒதுக்கீடு 47 லட்சம் போக 5.53 கோடி. மனைவியின் சம்பளம் 6.3 லட்சம், 12 ஆண்டுகளுக்கு 76 லட்சம். கூட்டினால் விகிதம் 3.6; இன்னும் 44 ஆண்டுகள் போக வேண்டிய குடும்பத்துக்கு அது அதிகம். NPER விடை மனைவியின் 82 வயதில் நின்றது.

எனவே முழு ஓய்வு கைவிடப்பட்டது. கணவர் முழுநேர வேலையை 2025 ஏப்ரலில் விட்டு, வாரம் மூன்று நாள் ஆலோசனைப் பணிக்கு மாறினார். வரி போக ஆண்டுக்கு 6 லட்சம், 55 வயது வரை. மனை விற்கப்பட்டு வரி போக 45 லட்சம் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து விகிதத்தை 3.2க்குக் கொண்டுவந்தன.

விடுவதற்கு முன்பே சந்தை இறங்கத் தொடங்கியிருந்தது. 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2025 மார்ச் தொடக்கம் வரை நிஃப்டி 15 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இரண்டு வருமானங்களும் போக நிதியிலிருந்து எடுக்க வேண்டியது ஆண்டுக்கு 10.3 லட்சம்தான். மூன்று ஆண்டுகளுக்கான 31 லட்சம் டெபாசிட்டில் இருந்தது. ஒரு யூனிட்டையும் அந்த விலையில் விற்க வேண்டியிருக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

பெற்றோர் பராமரிப்பைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும்: மருத்துவமனைக்கு ஒருமுறைத் தொகை, ஆள் துணைக்கு மாதச் செலவு. எழுபதைத் தாண்டிய பெற்றோர் தனியாக இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இரண்டாவது வரியைக் காலியாக விடக்கூடாது.

பி.எஃப். பற்றியும் ஒரு குறை. வேலையை விட்ட பிறகு அந்தக் கணக்கில் சேரும் வட்டிக்கு வரி உண்டு. திட்டக் கணக்கீட்டில் அந்த வரி 2025இல்தான் சேர்க்கப்பட்டது, 2022லேயே சேர்த்திருக்கலாம். என்.பி.எஸ். தொகையும் அன்றைய விதிகளின்படி 60 வயதுக்கு முன் வசதியாகக் கைக்கு வராது என்பதால், மொத்தத்தில் எண்ணினாலும் முதல் பதினோரு ஆண்டுச் செலவுக்கு அதை நம்பும்படி திட்டம் இருக்கக்கூடாது.

ஒவ்வொரு ஜனவரியிலும் இதே கணக்கைத் திரும்பப் போட ஏற்பாடு. விகிதம் 3.5ஐத் தாண்டினால் கார் மாற்றமும் வெளியூர்ப் பயணமும் அந்த ஆண்டு தள்ளிப்போகும். 4ஐத் தாண்டினால் கணவர் வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக வேலை எடுப்பார். மனைவியின் வேலை 58க்கு முன்னால் நின்றுபோனால், மீதமுள்ள ஆண்டுச் சம்பளத்தை நிதியிலிருந்து கழித்து, அந்த வாரமே மறுகணக்கு.